அப்பாவின் கடிகாரமும் அடைமழையும்

ஒரு வாரமாக விடாத மழை. இழுப்பறையைத் திறந்தால், அப்பா விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தின் தோல் வாரில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்!

"தேங்காய் எண்ணெய் தடவும்மா" என்றார் அம்மா. வேண்டாங்க. எண்ணெய் தோலில் ஊறிக் கறையாகும். நாளடைவில் சிக்கு வாடையும் சேரும்.

வாரைக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய், காய்ந்த பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். வீட்டுக்குள் தேய்த்தால் பூஞ்சணத்தூள் மற்ற பொருள்களிலும் படியும். பிறகு, மருந்துக் கடையில் விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் துணியை லேசாக நனைத்துத் துடைத்தேன். சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்க ஓரத்தில் பார்த்துவிடுங்கள். வெயில் வேண்டாம், தோல் வெடித்துவிடும். இரவு முழுக்க மின்விசிறிக் காற்றே போதும்.

நைலான் வார் என்றால் கவலையில்லை. கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசலாம்.

தோல் வாரைத் தினமும் கட்டாதீர்கள். வியர்வை காய ஒரு நாள் இடைவெளி கொடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகும் உள்பக்கம் நாறினால், வியர்வை அடித்தோல்வரை இறங்கிவிட்டது. மாற்றத்தான் வேண்டும்.

அப்பாவின் வார் தப்பித்தது. இப்போது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டுடன் மூடிய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அம்மா இன்னும் எண்ணெய்க் கட்சிதான்.