கிளெய்ம் வரேல்லை எண்டால் களவில்லையா?

எங்கட கம்பஸ் நண்பர்கள் சிலர் பனையோலைப் பின்னல் பற்றி ஒரு வீடியோ செய்தார்கள். பன்னிரண்டு நிமிடம். நல்ல வீடியோ, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குள் மூன்று இடத்தில் இசை வருகிறது: இருபது செக்கன் சினிமாப் பாட்டு, இணையத்தில் இலவசமாக எடுத்த ஒரு புல்லாங்குழல், ஒரு கோயில் திருவிழா நேரலையிலிருந்து வெட்டின நாதஸ்வரம். கீழே, 'இசை உரியவர்களுக்கே சொந்தம், நன்றி' என்று ஒரு வரி.

அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. அது அனுமதி இல்லை. சொந்தக்காரர் வேற ஆள் எண்டு தெரியும், ஆனால் கேட்கேல்லை என்று நாங்களே எழுதிக் கையெழுத்து வைக்கிற வாக்குமூலம்.

சினிமாப் பாட்டுக்கு அப்லோட் பண்ணும்போதே கிளெய்ம் வந்தது. பாட்டுக் கம்பனிகள் தங்கள் ஒலிப்பதிவுகளை யூடியூப்பின் Content ID இயந்திரத்தில் கொடுத்து வைத்திருக்கின்றன. அது ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். 'பத்து செக்கனுக்குள்ள போட்டால் பிரச்சினையில்லை' என்பது யாரோ கட்டின கதை. கிளெய்ம் என்பது ஸ்ரைக் அல்ல. ஸ்ரைக் என்றால் உரிமையாளர் வீடியோவை நீக்கச் சொல்லியிருக்கிறார். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலே போய்விடும். கிளெய்மில் பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் கம்பனிக்குப் போகும். அப்போது சனலுக்கு வருமானம் இல்லை, ஒருவரும் கவலைப்படவில்லை. 1000 சப்ஸ்கிரைபரும் 4000 மணித்தியாலமும் சேர்ந்து மொனிடைசேஷன் கிடைத்த கிழமையே அந்த இருபது செக்கனை வெட்டினார்கள். கிளெய்ம் போனது. காசு போகுது எண்டவுடனே எவ்வளவு வேகம்!

புல்லாங்குழலுக்குக் கிளெய்ம் வரவில்லை. அது CC BY-NC-ND உரிமத்தில் இருந்தது. 'CC எண்டால் ஃப்ரீதானே மச்சான்' என்றார்கள். BY என்றால் பெயர் போடவேணும். NC என்றால் வணிகத்துக்குப் பாவிக்கக்கூடாது. மொனிடைசேஷனை ஒன் பண்ணியதோடு அந்த எல்லையைத் தாண்டியாச்சு. ND என்றால் மாற்றியதைப் பகிரக்கூடாது. இங்கேதான் பலர் விழுவது: ஓடுகிற படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம்தான் என்று CC உரிமத்தின் 4.0 பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே ஒரு சதம் வராத நாளிலும் அந்த இசையை வீடியோவுக்குள் வைத்திருக்கக்கூடாது. CC BY மட்டும் உள்ள ஒன்றைத் தேடியிருந்தால், பெயரும் உரிம இணைப்பும் போட்டுக் காசும் உழைத்திருக்கலாம். யூடியூப்பின்ர ஓடியோ லைப்ரரியிலேயே அப்படி நிறையக் கிடக்கு. ஸ்டொக் வீடியோவிலும் இதே கவனயீனம்தான். 'எடிட்டோரியல்' என்று குறித்திருக்கும் கிளிப்பை ஒரு கடைக்கான விளம்பர வீடியோவில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

என்னைக் கோபப்படுத்துவது மூன்றாவது, நாதஸ்வரம். அதற்கும் கிளெய்ம் வரவில்லை, வரப்போவதுமில்லை. Content ID எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தனக்கே உரிய படைப்புகள் பெருமளவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் யூடியூப் அதைக் கொடுக்கிறது. எங்கட ஊர் மேளகாரர் தன் வாசிப்பை யாரும் எடுத்தால், தானே கண்டுபிடித்து, தானே படிவம் நிரப்பி முறைப்பாடு செய்யவேணும்.

'அது தியாகராஜர் கீர்த்தனை, கொப்பிரைட் முடிஞ்சுது' என்று ஒரு நண்பன் வாதாடினான். பாதி சரி. தியாகராஜர் 1847இல் இறந்தவர், கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த வாசிப்பு? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இயற்றியவரின் உரிமைக்குப் புறம்பாக, வாசித்தவருக்கும் ஒலிப்பதிவு செய்தவருக்கும் தனித்தனி உரிமை தருகிறது. அது 50 வருடத்துக்கு இருக்கும். ஆக, கேட்க வேண்டிய ஆட்கள் இரண்டு பேர்: வித்துவானும் நேரலைக்காரரும்.

'நாங்கள் ஸ்டூடன்ஸ், காசுக்கு எங்க போறது?' என்பது அடுத்த கேள்வி. பம்பாய்க் கம்பனியிடம் உரிமை வாங்க எங்களிடம் காசில்லை என்பது உண்மை. அதனால்தான் பாட்டை வெட்டினோம். வித்துவானிடம் விலையே கேட்கவில்லையே. கேட்டிருந்தால் ஒரு பக்கத் தாளில் முடிந்திருக்கும்: எந்த வாசிப்பு, எந்த வீடியோ, எந்தெந்தத் தளம், காசு வருமா, எவ்வளவு காலம், அவருக்கு எவ்வளவு, அவர் பெயர் எப்படி வரவேணும். இரண்டு பக்கமும் கையெழுத்து. அவர் சும்மா தந்திருக்கவும் கூடும், ஒரு தொகை கேட்டிருக்கவும் கூடும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதுவும் அவர் உரிமைதான்.

இயந்திரம் வைத்திருந்த கம்பனிக்கு இருபது செக்கனையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வித்துவானின் இரண்டரை நிமிடம் இன்னும் அந்த வீடியோவில் ஓடுது, அதற்கு நடுவில் விளம்பரமும் ஓடுது. அந்தத் திருவிழா நோட்டீஸை நான் எடுத்துப் பார்த்தேன். அவர் பெயரும் இருக்கு, ஊரும் இருக்கு, கீழே போன் நம்பரும் இருக்கு.