சேமியாவை வேகும் முன்பே எடை போடுங்கள்

சேமியா பொட்டலத்தின் பின்புறத்தில், 100 கிராமில் எவ்வளவு கலோரி, எவ்வளவு மாவுச்சத்து என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு பொட்டலத்துக்குள் இருக்கும் உலர்ந்த சேமியாவுக்கு உரியது. தட்டில் இருக்கும் உப்புமாவுக்கு உரியதன்று. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதால் நீரிழிவு நோயாளிகளின் உணவுக் கணக்கு மும்மடங்கு வரை பிழைபடுவதுண்டு. ஆகவே, சேமியா உப்புமாவையும் பாயசத்தையும் வெந்தபின் கரண்டியால் அளந்து கணக்கிடுவதை விடுத்து, அடுப்பில் ஏறும் முன்பே எடை போட்டுக் கணக்கிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

காரணம் எளியது. சேமியா வேகும்போது தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிறது. தண்ணீருக்கு எடை உண்டு, கலோரி இல்லை. ஒருவர் உப்புமாவைக் குழையச் சமைப்பார், மற்றொருவர் உதிரியாகக் கிளறுவார். இருவரும் ஒரே அளவு சேமியாவைப் போட்டிருந்தாலும், ஒரு கிண்ணத்தில் அடங்கும் சேமியாவின் அளவு வேறுபடும். உலர்ந்த எடைக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியும் தானியத்தின் நாளளவைச் சமைக்காத எடையிலேயே குறிப்பிடுகிறது.

திருப்பூரில் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிக்குச் செல்பவருக்கு டிபன் கட்ட வேண்டும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவரும் இருக்கிறார். 200 கிராம் சேமியா, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், தாளிக்கக் கொஞ்சம் கடலைப்பருப்பும் உளுந்தும், வெங்காயம், கேரட், பீன்ஸ் ஆகியன சேர்ந்த உப்புமா அது. 100 கிராம் உலர்ந்த சேமியாவில் ஏறத்தாழ 350 கலோரியும் 75 கிராம் மாவுச்சத்தும் உண்டு. அதன்படி சேமியாவிலிருந்து 700 கலோரி, எண்ணெயிலிருந்து 370, பருப்பு, காய்களிலிருந்து 120 என மொத்தம் 1190 கலோரி. மாவுச்சத்து சேமியாவில் 150 கிராம், மற்றவற்றில் 20 கிராம் என மொத்தம் 170 கிராம்.

இனிப் பங்கைக் காண வேண்டும். வெறும் வாணலியை முன்பே எடை போட்டு வைத்திருந்தால், சமைத்தபின் வாணலியோடு நிறுத்து அதைக் கழித்துவிடலாம். உப்புமா 720 கிராம் வந்தது எனக் கொள்வோம். பெரியவரின் தட்டில் 240 கிராம் வைத்தால், அது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அவர் உண்பது சுமார் 400 கலோரி, 57 கிராம் மாவுச்சத்து. இதே 240 கிராமைப் பொட்டலத்தின் கணக்கோடு நேரடியாகப் பொருத்தினால் 180 கிராம் மாவுச்சத்து என்று வரும். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் என மருத்துவர் வகுத்துத் தந்திருக்கும் ஒருவர், ஆறு யூனிட் போட வேண்டிய இடத்தில் பதினெட்டு யூனிட் போட்டுக்கொள்ள நேரும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தொடங்கி நினைவிழப்பு வரை கொண்டுசெல்லும் தாழ்சர்க்கரை நிலை இப்படியும் வரலாம்.

உப்புமாவில் அடுத்து மறைந்திருப்பது எண்ணெய். மேற்சொன்ன கணக்கில் கலோரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயினுடையது. எண்ணெயில் மாவுச்சத்து இல்லாமையால் குளுக்கோமீட்டர் அதை நேராகக் காட்டாது. ஆனால் எடை குறைக்க வேண்டியவருக்கு அது பெருங்கணக்கு. சேமியாவை வறுக்க ஊற்றிய எண்ணெய், தாளிக்க ஊற்றியது, இறக்கும்போது மேலே விட்ட நெய் என மூன்று தவணைகளாகச் சேர்வதால் யாருக்கும் அளவு தெரிவதில்லை. எண்ணெய் பாட்டிலைச் சமைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டால் வேறுபாடே விடை. ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி.

பாயசத்தில் கதை மாறுகிறது. 100 கிராம் சேமியா, ஒரு லிட்டர் சமன்படுத்திய பால், 150 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி நெய், கொஞ்சம் முந்திரியும் திராட்சையும் சேர்த்துக் காய்ச்சினால் எட்டு சிறு தம்ளர் பாயசம் கிடைக்கும். மொத்த மாவுச்சத்து ஏறத்தாழ 294 கிராம். ஒரு தம்ளருக்கு 37 கிராம், கலோரி 245. இதில் சேமியாவின் பங்கு கால்வாசி மட்டுமே. சர்க்கரையின் பங்கு பாதி. பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரை மேலும் 48 கிராம் சேர்க்கிறது; "பால்தானே" என்று அதனை விட்டுவிடுவோரே மிகுதி.

ஆதலால் பாயசத்தில் சேமியாவைக் குறைப்பதால் பயன் சிறிது. அதைப் பாதியாக்கினால் தம்ளருக்கு 32 கிராம் மாவுச்சத்து. சர்க்கரையைப் பாதியாக்கினால் 27 கிராம். வெல்லம் போட்டாலும் கணக்கு பெரிதும் மாறாது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர் மட்டுமே போகும். அளவு குறைந்த அதே தம்ளரில் சர்க்கரை கூடுதலாக இருக்கும். மாலைக்குள் இறுகிப்போன பாயசத்தில் வெந்நீர் விட்டால் மொத்தக் கணக்கு மாறாது, பால் விட்டால் மாறும். தம்ளர் எண்ணிக்கை எட்டா, ஆறா என்பதையும் அப்போது திரும்ப எண்ண வேண்டும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. சேமியாவை வேகவைத்து நீரை வடித்துவிடும் வீடுகளில் கொஞ்சம் மாவுச்சத்து நீரோடு போய்விடும்; கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும். கேழ்வரகு, சிறுதானியச் சேமியாக்களுக்கு அந்தந்தப் பொட்டலத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். மாவுச்சத்து பெரிதும் குறையும் என்று முன்கூட்டியே எண்ணிவிடக் கூடாது. நம் கொங்கு வீடுகளில் பிழியும் சந்தகை வெந்து ஈரத்தோடு இருப்பது. அதை உலர்ந்த சேமியாவாகக் கருதாமல், ஊறப்போட்ட அரிசியின் எடையிலிருந்து கணக்கிட வேண்டும். சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் எடை சொல்லாது. உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே அதைச் சொல்லும்.

விடியற்காலை அவசரத்தில் தராசு வைத்துச் சமைக்க இயலுமா என்று கேட்பது நியாயமே. நாள்தோறும் தேவையில்லை. உங்கள் வீட்டில் வழக்கமாகச் சேமியா அள்ளும் தம்ளர் எத்தனை கிராம் கொள்ளும் என்று ஒரு முறை நிறுத்துக் குறித்துக்கொண்டால் போதும். பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்தால் அதன் மேல் அச்சிட்ட நிகர எடையே தராசாகும்.

மருத்துவமனைகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். "உப்புமா ஒரு கிண்ணம்" என்று உணவுச் சீட்டில் எழுதுவது நோயாளிக்கு எதையும் சொல்லவில்லை. "உலர்ந்த சேமியா 50 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி" என்று எழுதினால் அது சமையலறையில் பயன்படும் சொல். வீடு திரும்பும் நாளில் உங்கள் சீட்டில் கிண்ணக் கணக்கு இருந்தால், அதைச் சமைக்காத எடையில் மாற்றி எழுதித் தருமாறு உணவியல் வல்லுநரிடம் தயங்காமல் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது சேமியா, எண்ணெய், பால், சர்க்கரை ஆகிய நான்கின் அளவையும், உண்டபின் பார்த்த சர்க்கரை அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இன்சுலின் அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம். அந்தக் குறிப்பைக் கொண்டு சேர்ந்து முடிவு செய்வோம்.