200 ஜிபி என்று எழுதி 100 ஜிபி விற்கிறார்கள்: தலவாக்கலையில் வீட்டு இன்டர்நெட் எடுக்கப்போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளை இருக்கிற வீடுகள் மட்டுமாவது முழுவதும் வாசியுங்கள்.

போன மாதம் நம்மிடம் படித்த பிள்ளையொன்று வீட்டுக்கு வந்தது. டவுனுக்கு மேலே தோட்டத்தில் வீடு. கொழும்பிலுள்ள ஒரு கணக்கியல் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தம்பி உயர்தரம் படிக்கிறான், அம்மா கொழுந்துக்குப் போகிறார். 200 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த 4ஜி பெக்கேஜ் ஒன்றை எடுத்திருந்தார்கள். மாதத்தின் 20ஆம் நாளே டேட்டா முடிந்து, மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போய்விட்டது. இரண்டாவது மாதமும் அதேதான். மூன்றாவது தடவையும் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

அக்கம்பக்கத்தவர்கள் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "தம்பி யூடியூப் பார்த்தே முடிச்சிருப்பான்." பையன் அழாத குறை. நாம் பில்லையும் ரவுட்டரின் கணக்கையும் வாங்கிப் பார்த்தோம். பையன் மீது ஒரு பிழையும் இல்லை. அந்த 200இல் 100 ஜிபிதான் எந்த நேரமும் பாவிக்கக்கூடியது. மற்ற 100 ஜிபி நள்ளிரவு 12க்குப் பிறகு விடியும்வரை மட்டும். அந்த இரவுப் பங்கில் 90க்கு மேல் தொடாமலே கிடந்து காலாவதியாகியிருந்தது.

ஸஹருக்கு எழும்புகிற மாதத்தில்கூட நம் வீடுகளில் இரவில் 100 ஜிபி முடியாது. பகல் எட்டரைக்கு வேலை தொடங்குகிறவளுக்கு இரவு டேட்டாவால் என்ன பயன்? பாதி வாளி தண்ணீரை நிரப்பிவிட்டு வாளியின் அளவைச் சொல்லி விலை கேட்பது போன்றது இது. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணங்கள் அதன் அனுமதியோடுதான் வருகின்றன. அப்படியானால் பகலில் எத்தனை ஜிபி என்ற எண்ணை, மொத்த எண் இருக்கும் அதே அளவு எழுத்தில் ஏன் போடச் சொல்லக்கூடாது? அடிக்குறிப்பில் சின்னதாக எழுதியிருக்கிறது என்று சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும் தராசில் கழிவைச் சின்ன எழுத்தில் எழுதினால் நம் தாய்மார் ஒத்துக்கொள்வார்களா?

சரி, இனி அந்த வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று பார்ப்போம். வீடியோ மீட்டிங் மணிக்குச் சுமார் 1 ஜிபி எடுக்கும். கமராவைத் தெளிவாக வைத்தால் இன்னும் கூடும், குரல் மட்டும் என்றால் மிகவும் குறையும். அவளுக்கு நாளுக்கு 4 மணித்தியாலம், மாதம் 22 நாள்: 88 ஜிபி. அலுவலக ஃபைல்கள் நாளுக்கு 1 ஜிபி என்று 22. இதோடு 110 ஆகிவிட்டது. தம்பியின் பாட வீடியோக்கள் நடுத்தரத் தெளிவில் மணிக்கு அரை ஜிபி. நாளுக்கு 2 மணித்தியாலம் என்றால் மாதம் 30. அம்மாவின் வட்ஸ்அப் அழைப்பு, மற்றது எல்லாம் சேர்த்து 10. ஆக மொத்தம் 150 ஜிபி, நாளுக்கு 5. பகல் 100 ஜிபி எத்தனை நாளுக்கு வரும்? 20 நாளுக்கு. சரியாக 20ஆம் நாள்தான் நின்றது. பையனைக் குற்றம் சொன்னவர்கள் இந்த வகுத்தலைச் செய்திருக்கலாம்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்தவை. நீங்கள் கடையில் கேட்ட விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, 4ஜி பெக்கேஜ். விளம்பரத்தில் மாதம் 3,000 ரூபா. விளம்பர விலை பல நேரம் வரிக்கு முந்தியது. வற் மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதற்கு மேல் மற்ற வரிகளும் உண்டு. பில் 3,600 என்று வையுங்கள். பகலில் குறைகிற 50 ஜிபியை 10 ஜிபிக்கு 500 ரூபா என்று மேலதிகமாக வாங்கினால் 2,500. ஆக மாதம் 6,100, வருடத்துக்கு 73,200. ரவுட்டர் 12,000, இணைப்புக் கட்டணம் 1,000. முதல் வருடச் செலவு 86,200 ரூபா.

இரண்டாவது, ஃபைபர். அளவு கட்டுப்பாடு இல்லாத, வேகத்தை வைத்து விற்கிற பெக்கேஜ். விளம்பரத்தில் மாதம் 5,000, வரியோடு 6,000, வருடத்துக்கு 72,000. பொருத்தும் கட்டணம் 10,000. வீடு கம்பத்திலிருந்து தூரம் என்பதால் மேலதிக வயருக்கு 3,000. ரவுட்டர் இணைப்போடு வருகிறது. முதல் வருடச் செலவு 85,000 ரூபா.

பார்த்தீர்களா? போஸ்டரில் மாதம் 2,000 ரூபா மலிவாகத் தெரிந்தது வருட முடிவில் 1,200 ரூபா கூடுதலாக நிற்கிறது. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். பகலில் 80 ஜிபி மட்டும் போதுமான வீடு என்றால் மேலதிகமாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. 4ஜி முதல் வருடமே 56,200 ரூபாவோடு முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு ஃபைபர் வீண்செலவுதான். ஆகவே "எது நல்ல பெக்கேஜ்?" என்று குரூப்பில் கேட்பதும், கேட்டவரின் பாவனை தெரியாமலே பத்துப் பேர் பதில் போடுவதும் இரண்டுமே பிழை.

அடுத்தது வேகம். "100 எம்பிபிஎஸ் வரை" என்ற சொல்லில் பொய் ஒளிந்திருப்பது "வரை"யில். அதுவும் அது இறக்கும் வேகம். மீட்டிங்கில் நம் முகமும் குரலும் அங்கே போய்ச்சேர ஏற்றும் வேகம் வேண்டும். தெளிவான குழு வீடியோவுக்கு ஏற்ற 2 முதல் 3 எம்பிபிஎஸ் தேவை. பழைய செப்பு வயர் ஏடிஎஸ்எல் இணைப்பில் ஏற்றும் வேகம் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் அளவில்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட இறங்கும் வேகமும் விழுந்துகொண்டே போகும். நமக்கு மற்றவர்கள் தெளிவாகத் தெரிவார்கள், அவர்களுக்கு நம் குரல் விட்டு விட்டுக் கேட்கும். இதுதான் ஏற்றும் வேகம் போதவில்லை என்பதன் அடையாளம்.

4ஜி என்றால் நம் மலைகளைத்தான் கேட்க வேண்டும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தால் போதும். தலவாக்கலை டவுனில் 30 எம்பிபிஎஸ் வரும் அதே சிம் கிரேட் வெஸ்டர்ன் பக்கத்து மடிப்பொன்றில் 3க்கு இறங்கலாம். ரவுட்டரை வாங்குமுன் அதே நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிப் போனில் போட்டு, வேலை செய்யப்போகும் அதே மேசையில் வைத்துச் சோதியுங்கள். காலை 9 மணிக்கு ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை, முடிந்தால் மழை நாளில் ஒருமுறை. இரவு 8க்குத்தான் ஊரே டவரில் தொங்கும். ரவுட்டர் ஏற்கெனவே இருந்தால் அதன் அமைப்புப் பக்கத்தில் RSRP என்ற எண்ணைப் பாருங்கள். -90க்குப் பக்கத்தில் என்றால் நல்லது. -110ஐத் தாண்டிப்போனால் எந்த பெக்கேஜுக்கு மாறினாலும் பயனில்லை. ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வெளி அன்டனா போட வேண்டும். மாணவியின் வீட்டில் அலுமாரிக்கு மேலிருந்த ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றியதிலேயே ஏற்றும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. செலவு ஓர் எக்ஸ்டென்ஷன் வயர்.

ரவுட்டர் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12,000 கொடுத்து வாங்குகிறோம், ஆனால் பெரும்பாலும் அது அந்த ஒரு நிறுவனத்தின் சிம்மோடுதான் வேலை செய்யும். நாளை நெட்வேர்க் மாற நினைத்தால் நம் காசில் வாங்கிய பொருள் அலுமாரியில் கிடக்க வேண்டியதுதான். காசு நம்முடையது, பூட்டு அவர்களுடையது. வாங்குமுன் "இது லொக் செய்ததா?" என்று கேளுங்கள். செப்பு வயர் இணைப்புள்ளவர்கள் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிக்கு வயரைக் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் ரவுட்டருக்கு வருகிறது, உத்தரவாதம் பொதுவாக அதற்குச் செல்லாது.

ஸ்டார்லிங்க் எடுக்கலாமே என்று இங்கே கொமெண்ட் வரும், தெரியும். 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பித்தபோது கருவித் தொகுதி மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல், மாதக் கட்டணம் 12,000இலிருந்து. ஹோட்டல் வைத்திருப்பவர் எடுக்கட்டும்.

நமக்குள்ள பெரிய கோபம் வேறு. மேலே போட்ட கணக்கில் 85,000 ரூபா ஃபைபர் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. கம்பம் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை, வயர் இழுக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். டவுனில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு மாதம் 6,000க்குக் கிடைப்பது, மலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருப்பவருக்கு 6,100 கொடுத்தும் கிடைப்பதில்லை. வேலை இருவருக்கும் ஒன்று, சம்பளமும் ஒன்று. டவுனில் மூன்று நிறுவனங்களின் போஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதை நாம் போட்டி என்கிறோம். அவளுக்கு அங்கே தெரிவு செய்ய ஒன்றுமில்லை.

இப்போதைக்கு நாம் செய்தது இவ்வளவுதான். விண்டோஸ் அப்டேட்டையும் தம்பியின் பாட வீடியோக்களையும் நள்ளிரவுக்குப் பிறகு டவுன்லோட் ஆகும்படி வைத்தோம். சும்மா கிடந்த இரவு ஜிபியில் 30 அப்படிப் பயன்பட்டது. பேசத் தேவையில்லாத மீட்டிங்குகளில் கமராவை நிறுத்திக்கொள்ள அவள் அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டாள். பகல் பாவனை 100க்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது, மேலதிகமாக ஒரு 10 ஜிபி போதுமாகிவிட்டது. தோட்டத்தில் இதேபோல் வேலை செய்யும் ஆறு வீடுகளின் பெயரைச் சேர்த்து, கம்பத்தை மேலே நீட்டக் கேட்டு நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பக்கத்திலும் இப்படி வீடுகள் இருந்தால் கடைசி மூன்று மாத பில்லையும், இரவு 8 மணிக்கு எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படத்தையும் இன்பொக்ஸில் அனுப்புங்கள். சனிக்கிழமைக்கு முன் வந்தால் அதே கடிதத்தில் சேர்க்கலாம்.