மொய் நோட்டும் இலவசப் பெட்டியும்

கல்யாண வீட்டில் மொய் நோட்டில் பெயரையும் தொகையையும் எழுதுவதால் உறவு கெட்டுப்போகும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், இன்ஸ்டாகிராமில் எட்டாயிரம் பேர் பின்தொடரும் ஒருவருக்குப் பொருள் அனுப்பும்போது மட்டும், "அன்பளிப்புக்கு எதுக்கு சார் பேப்பரு? மரியாதையா இருக்காது" என்கிறார்கள் நம் கடைக்காரர்கள். மயிலாப்பூரிலிருந்து தி.நகர்வரை இந்த நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. எனக்கு இது மரியாதையாகத் தெரியவில்லை, சோம்பலாகத்தான் தெரிகிறது.

வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்கும் ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். அடையாறிலிருந்து வீடியோ போடும் ஒரு பெண்ணுக்கு 4,500 ரூபாய் தசாவதார செட் போகிறது. "பாத்துப் போடுங்க மேடம்" என்பதோடு பேச்சு முடிகிறது. கடைக்காரர் எதிர்பார்ப்பது நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பே ஒரு ரீல். அந்தப் பெண் நினைப்பது, கொலு வைத்த பிறகு ஒரு ஸ்டோரி. அது சரஸ்வதி பூஜையன்று வருகிறது, 24 மணி நேரத்தில் மறைகிறது. பொம்மை வாங்குகிறவர்கள் எப்போதோ வாங்கி முடித்துவிட்டார்கள். கடைக்காரர் "ஏமாத்திட்டாங்க" என்று புலம்புகிறார். அந்தப் பெண் எந்த வாக்கை மீறினார்? மீறுவதற்கு ஒன்றும் இல்லையே!

இதைத் தவிர்க்க அரைப் பக்க ஒப்பந்தம் போதும். என்ன பொருள், என்ன விலை, ஒரு ரீலா இரண்டு ஸ்டோரியா, எந்தத் தேதிக்குள், எத்தனை மாதம் அழிக்காமல் வைக்க வேண்டும், வழியில் பொம்மை உடைந்தால் யார் பொறுப்பு. வீடியோவைக் கடையின் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் அதையும் எழுத வேண்டும். பொம்மையைக் கொடுத்ததால் வீடியோ கடைக்குச் சொந்தமாகிவிடாது. புகழ வேண்டும் என்று மட்டும் எழுதக் கூடாது. வர்ணம் கையில் ஒட்டினால் ஒட்டுகிறது என்று சொல்ல வீடியோ போடுகிறவருக்கு உரிமை வேண்டும். பதிவே கட்டாயமில்லை என்றால் அதையும் சொல்லிவிட்டு, பிறகு நச்சரிக்காமல் இருக்க வேண்டும்.

"காசு கொடுக்கலையே, இது எப்படி விளம்பரம்?" என்பது இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். விளம்பரத் தரக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ., 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்த தன் விதிகளில் இலவசப் பொருளையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. ஏ.எஸ்.சி.ஐ. விதிப்படி, 15 விநாடிக்கு உட்பட்ட வீடியோ என்றால், விளம்பரம் என்ற அறிவிப்பு குறைந்தது 3 விநாடி திரையில் நிற்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளித்து வைத்தால் செல்லாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இதையும் அந்த அரைப் பக்கத்தில் எழுதினால், "அறிவிப்பைப் போடட்டுமா?" என்ற கூச்சமே வீடியோ போடுகிறவருக்கு வராது.

ஐயா, கையெழுத்து கேட்கத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சம்மதம்" என்று ஒரு பதிலாவது வாங்குங்கள். பெட்டி கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் வாங்குங்கள்.