டப்பா வேண்டாத நாளுக்கு யார் பணம் தருவது?

நாம் பணியாற்றும் புணே கிளைக்குச் சிறு கடன் கேட்டு ஓர் அம்மையார் வந்தார். வீட்டில் சமைத்து, அலுவலகம் செல்லும் இருபது பேருக்கு மதிய டப்பா அனுப்புகிறவர். ஒரு டப்பாவுக்கு 100 ரூபாய். சாப்பிட்ட நாளுக்கு மட்டும் பணம். ஓயாத வேலை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்றார். அவருக்கு வேண்டியது கடனன்று, வேறொரு விலை முறை என்பதே நம் கருத்து. அவருடைய இசைவுடன் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

சப்பாத்தி, பாஜி, சோறு, பருப்பு ஆகியவற்றுக்கான சரக்கும் எரிவாயுவும் டப்பா ஒன்றுக்கு 45 ரூபாய். உதவிக்கு வரும் பெண்ணுக்கும், ஸ்கூட்டரில் கொண்டு சேர்க்கும் இளைஞருக்கும் நாளொன்றுக்கு 700 ரூபாய். டப்பா குறைந்தாலும் இந்த 700 குறையாது. இருபது டப்பாவும் போனால் வரவு 2,000, செலவு 1,600. அவருக்கு 400 நிற்கும்.

நான்கு பேர் முந்தைய இரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு நிற்பது 180. அதே நால்வர் காலை ஒன்பது மணிக்கு, காய் நறுக்கி மாவு பிசைந்த பின் சொன்னால், நிற்பது ஒன்றுமே இல்லை. நாள் விலை முறையின் குறை இதுதான். வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொல்வதால் வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆகவே அவர் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

வாரத்திற்கு ஆறு நாள், 570 ரூபாய், ஞாயிற்றுக்கிழமையே முன்பணம் என்று வைத்துப் பார்த்தோம். நாளுக்கு 95தான் ஆகிறது. அம்மையாருக்கு முழு நாளில் 300தான் நிற்கும். 'நூறு குறைகிறதே' என்று அவர் தயங்கினார். ஆனால் இருபதும் போன நாள்கள் எத்தனை என்று அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன.

சிக்கல் விட்ட நாள்களில்தான். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னவருக்கு எவ்வளவு வரவு வைப்பது? மிச்சமாவது 45 மட்டுமே. அதைத் தந்தால் அம்மையாருக்கு நட்டமில்லை. முழு 95-ஐயும் தந்தால் நாளுக்கு 50 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. ஆனால் 95 கொடுத்தவருக்கு 45 திரும்புவது மனத்தை உறுத்தும். அவர் வேறு டப்பா தேடிப் போகவும் கூடும். எனவே, மாதத்தில் முதல் இரண்டு நாளுக்கு முழுத் தொகையும், அதற்கு மேல் 45-ம் அடுத்த வாரக் கணக்கில் கழிக்கலாம் என்றோம். இருபது பேரும் அந்த இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டாலும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. எட்டு மணிக்குப் பின் சொன்னால் வரவு இல்லை. டப்பா வழக்கம்போல் போகும், பக்கத்து மேசைக்காரர் சாப்பிடட்டும்.

ஊருக்குப் போகிறவர் ஒரு வாரம் முழுதும் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமையே சொன்னால் அந்த வாரத்திற்குப் பணம் கேட்கலாகாது. அம்மையாரே அடுப்பை மூடும் நாளுக்கு, எந்தக் காரணமானாலும், முழு 95-ம் திரும்ப வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்ற விதிகளை எவரும் மதிக்கமாட்டார்கள்.

மராட்டியர்களிடையே சங்கஷ்டி சதுர்த்தி போன்ற விரத நாள்களில் ஐந்தாறு டப்பா ஒன்றாக நின்றுபோகும். நாள்காட்டியில் முன்பே தெரிந்த நாள் அது. ஞாயிற்றுக்கிழமை பணம் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு, விரதம் இருப்போருக்கு ஜவ்வரிசி கிச்சடி அனுப்பினால் அவை விட்ட நாள்களாகவே ஆகா.

வாரம் பணம் கட்ட விரும்பாதவரை விரட்ட வேண்டியதில்லை. நாள் விலை 110, முதல் நாள் இரவே யுபிஐ வழியாகப் பணம் என்றால் போதும். வாரக்காரர் கொடுத்த உறுதிக்கும் கொடுக்காத உறுதிக்கும் உள்ள விலை அந்த 15 ரூபாய்.

வங்கிக்காரர் என்ற முறையில் இன்னும் ஒன்று. ஞாயிறன்று வந்து சேரும் 11,400 ரூபாய் அம்மையாருடைய வருமானம் அன்று. இன்னும் கொடுக்கப்படாத 120 டப்பாக்களுக்கான கடன். அதை எடுத்து வீட்டு வாடகை கட்டிவிட்டு, வியாழனன்று காய்ச்சலில் படுத்தால் திருப்பித் தர எங்கே போவது? அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கச் சொன்னோம். சரக்கு அதிலிருந்தே வாங்குகிறார். கூலியையும் அதிலிருந்தே கொடுக்கிறார். சனிக்கிழமை கடைசி டப்பா போன பின், திருப்ப வேண்டியதை நிறுத்திவைத்துவிட்டு, மீதியைத் தம் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறார். கடன் விண்ணப்பத்தை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை. பெரிய கிரைண்டர் வாங்க ஆசை என்கிறார்.