16:8 விரதம்: காலை டிபனை கட் பண்ணினால் எடை குறையுமா? புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி மட்டும். மதியம் 12 மணிக்கு முதல் சாப்பாடு, இரவு 8 மணிக்குள் கடைசி சாப்பாடு. ரீல்ஸில் சுற்றிவரும் '16:8' இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் இதுதான். என்ன சாப்பிடணும் என்று சொல்வதில்லை, எப்போ சாப்பிடணும் என்று மட்டும்தான் சொல்கிறது. ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபமாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான்.

உண்மையில் எடை குறைகிறதா?

சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் கலோரி குறைக்கப்பட்டது. பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு சராசரியாக 8 கிலோ குறைந்தது, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் பெரிதல்ல என்றார்கள் ஆய்வாளர்கள். அதாவது, எடையைக் குறைத்ததில் கடிகாரத்தைவிட தட்டில் குறைந்த அளவுக்குத்தான் பங்கு அதிகம்.

இங்கே பலர் பின்பற்றும் மதியம் 12 - இரவு 8 முறையையே அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். கலோரி பற்றி எதுவும் சொல்லவில்லை. 2020-ல் வந்த முடிவின்படி, குறைந்தது சராசரியாக ஒரு கிலோகூட இல்லை. அவர்களில் சிலரை நேரில் பரிசோதித்தபோது, குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பு அல்ல, தசை உள்ளிட்ட மற்ற எடை என்று தெரிந்தது.

எங்கே தவறுகிறது?

முதலியார்பேட்டையிலிருந்து காலை 9 மணிக்கு வேலைக்குக் கிளம்பும், 60 கிலோ எடையுள்ள ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நாலு இட்லி, சாம்பார், சட்னியை விட்டால் சுமார் 350 கலோரி மிச்சம். ஆனால் மாலையில் பசி தாங்காமல் ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் புரதம். இந்தியப் பரிந்துரைப்படி ஆரோக்கியமானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் தேவை. 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம். மூன்று வேளையில் கிடைத்துவந்ததை இனி இரண்டு வேளையிலேயே சாப்பிட்டாக வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சாதமும் ரசமும் மட்டும் என்றால் கணக்கு எட்டாது. சுண்டல், பருப்பு, மீன், முட்டை, தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது இருக்க வேண்டும்.

'செல் சுத்தமாகும், சுகர் குணமாகும்' என்கிறார்களே?

செல் தன் கழிவைத் தானே மறுசுழற்சி செய்யும் 'ஆட்டோஃபேஜி' பற்றிய ஆய்வுக்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அவருடைய முக்கியமான சோதனைகள் ஈஸ்ட்டில் நடந்தவை. மனிதர் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நோய் குணமாகும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை.

'8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் இதயநோய் மரணம் 91% கூடும்' என்று 2024-ல் வந்த செய்தியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மக்கள் இரண்டு நாள் சாப்பாட்டை நினைவுபடுத்திச் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு அது. தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை.

புதுச்சேரியில் ஏன் கூடுதல் கவனம்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 26.3% பேருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4%தான். இங்கே நாலு பேரில் ஒருவருக்கு சுகர் என்றால், ஒரே ரீல்ஸைப் பார்த்து வீடே டிபனை நிறுத்தும்போது, மாத்திரை போடும் அப்பாவோ அம்மாவோ அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதைப் போட்டுவிட்டு மதியம்வரை பட்டினி கிடந்தால் ரத்த சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதை 'கொழுப்பு கரையுது' என்று தப்பாக நினைத்து விரதத்தைத் தொடர்வதுதான் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதும் தவறு. சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொன்னால், மருந்தின் நேரத்தையும் அளவையும் அவர் பார்த்துக்கொள்வார். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கும் ரீல்ஸ் பார்த்துத் தொடங்கும் விரதம் ஏற்றதல்ல.

மற்ற ஆரோக்கியமானவர்களுக்கு 16:8 என்பது குறைவாகச் சாப்பிட உதவும் ஒரு வழி, அவ்வளவுதான். சிலருக்கு அது ஒத்துவரும். மாலையானால் பசி வெறி எடுக்கிறது, இடுப்பு அளவு குறையாமல் உடல் பலம் மட்டும் குறைகிறது என்றால், அந்த வழி அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.