கைநாட்டுக்கு முன்னால்

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் கோயிலில் பாடுகிற ஓர் அக்கா இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆடி மாதம் தாலாட்டும் வர்ணிப்பும் அவர் பாடினால்தான் ஊருக்குத் திருவிழா. என் தங்கை பேரன் அவற்றைப் பதிவு செய்து யூடியூபில் போட ஆசைப்பட்டான். நல்ல ஆசைதான். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டான்.

எங்கிருந்தோ எடுத்த ஆங்கிலத் தாள் ஒன்றை வைத்திருந்தான். "எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளிலும், என்றென்றைக்கும்" என்பது அதன் சாரம். கீழே கைநாட்டுக்கு ஒரு கட்டம். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்தக் காலத்துப் புதுச்சேரிப் பத்திரங்களில் கையெழுத்துக்கு மேலே 'லு எ அப்ரூவே' என்று சொந்தக் கையால் எழுதுவார்கள். 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்' என்று பொருள். படிக்கத் தெரியாதவர் எதை ஒப்புக்கொண்டார் என்பதுதான் குமாஸ்தா வேலையில் நான் கடைசிவரை கேட்ட கேள்வி.

"பாட்டு பழசுதானே தாத்தா, யாருக்கும் சொந்தமில்லையே" என்றான் பேரன். பாட்டு ஊர்ச்சொத்தாக இருக்கலாம். ஆனால் அதைப் பாடுவது அவருடைய உரிமை. பாடுபவருக்கான இந்த உரிமை 1994 திருத்தத்தில் நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்தது. பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 50 வருடம் நிற்கும். அக்காவுக்குப் பிறகும் அவர் பிள்ளைகளுக்கு அது இருக்கும். கோயில் தர்மகர்த்தா "எடுத்துக்கோ" என்று சொன்னால் கோயிலுக்குள் மைக் வைக்கலாம், அவ்வளவுதான். அக்காவின் குரலைக் கொடுக்க அவரால் முடியாது. கூடவே உடுக்கை அடிக்கிற பெரியவரும் ஒரு கலைஞர்தான். அவரிடமும் தனித்தாள் வாங்க வேண்டும். இதைப் பையன் யோசிக்கவே இல்லை.

எழுதும்போது இன்னொரு விஷயம். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூபுக்கு இந்த இரண்டும் போதாது. ஆகவே எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும்.

நாங்கள் தமிழில் ஒரு தாள் எழுதினோம். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் படித்தேன். பதிவு செய்யலாமா? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? ஊர் உலகமெல்லாம் கேட்கும்படி போடலாமா? வேறொருவர் அதில் இசை சேர்க்கலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று குறிக்க இடம் விட்டிருந்தேன். ஒருமுறை வெளியே போனால் நாம் எடுத்துவிட்டாலும் பிறர் இறக்கி வைத்துக்கொண்ட பிரதிகள் திரும்பி வராது என்பதையும் சொன்னேன்.

முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நிறுத்தினார்.

"தாலாட்டைப் போடு தம்பி. வர்ணிப்பைப் போடாதே. அது அம்மாளைக் கூப்பிடுற பாட்டு. வழியில போறவன் பொத்தானை அமுக்கிக் கேட்டா, வந்தவளுக்கு யாரு பதில் சொல்றது?"

பேரன் முகம் வாடிவிட்டது. அவன் வந்ததே வர்ணிப்புக்காகத்தான். அந்த ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும், அக்காவுக்குத் தெரியவே தெரிந்திருக்காது.

நான்காவதுக்கும் இல்லை என்றார். "சினிமா மேளம் வேண்டாம்."

பின்பு தாளின் அடியில் "இதைத் தமிழில் படித்துக் காட்டினேன், கேட்டுப் புரிந்துகொண்டு, வர்ணிப்பு நீங்கலாக ஒப்புக்கொண்டு, என் முன்னிலையில் கைநாட்டு வைத்தார்" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி அக்காவின் மருமகளிடம். படித்துக் காட்டியதையும் அக்கா சொன்ன பதில்களையும் பேரன் செல்போனில் பதிவு செய்துகொண்டான். நாளைக்கு யாராவது கேட்டால் அவர் குரலே பதில் சொல்லும்.

வர்ணிப்பை அவன் பதிவு செய்தான். வெளியிடவில்லை. ஒரு பென்டிரைவில் மருமகளிடம் இருக்கிறது. அதையாவது அடுத்து பாட வருகிறவள் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று அக்காவே சொன்னார். இப்படி ஒரு வழி இருப்பது கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

"பாட்டு அழிந்துபோகுமே, இதற்கெல்லாம் நேரமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு ஆனது ஒரு மதிய நேரம். கிராமத்துக்கு மைக்கோடு போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'இல்லை' என்று சொல்ல இடமில்லாத தாளில் வாங்கிய 'ஆம்' அனுமதி ஆகாது.